விளம்பர மேலாண்மைக் கட்டணம்: செலவில் சதவீதமா, நிலையான மாதக் கட்டணமா, விற்பனைக்கேற்ற தொகையா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள், மெட்டா போன்ற தளங்களில் பிறருக்காக விளம்பரங்களை நடத்தித் தருபவர்களும், அவர்களுக்குக் கட்டணம் செலுத்துபவர்களும் எழுப்பும் கேள்விகள் இங்கே உள்ளன. பெரும்பாலான விடைகளில் ஒரே கணக்கை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்: இணையத்தில் மெத்தை விற்கும் கற்பனையான ஒரு சிறு நிறுவனம். ஒரு மெத்தையின் விலை 12,000. விளம்பரச் செலவைக் கழிப்பதற்கு முன் அதில் நிற்கும் லாபம் 4,800. சாதாரண மாதத்தில் விளம்பரத்துக்கு 1,50,000 செலவிடுகிறார்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு இதேதான் என்பதால் அதைக் குறிப்பிடவில்லை.

எல்லாரும் விளம்பரச் செலவில் 15% வாங்குகிறார்கள் என்கிறார்கள். நானும் அதையே கேட்டுவிடலாமா?

கேட்கலாம், ஆனால் அந்தச் சதவீதம் உங்கள் உழைப்பை ஈடுகட்டுகிறதா என்று பார்த்த பிறகே கேட்க வேண்டும். 15% என்பது பழைய விளம்பர முகமைகளின் காலத்திலிருந்து வரும் வழக்கம். பத்திரிகைகளும் ஒலிபரப்பு நிலையங்களும் தங்கள் இடத்தை விற்றுத் தந்த முகமைக்கு அந்த அளவில் கமிஷன் கொடுத்தன. அதைக் கொடுத்தவர் ஊடகத்தின் உரிமையாளர். இன்று அந்தத் தொகை வாடிக்கையாளரின் கையிலிருந்து நேராக வருகிறது. வேலையின் தன்மையும் முற்றிலும் வேறு. ஆகவே அந்த எண்ணை ஒரு தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாமே தவிர, நியாயமான விலைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

சதவீதம் எந்த அளவு பட்ஜெட்டுக்குப் பொருந்தும் என்பதை அறிய ஒரே ஒரு வகுத்தல் போதும். அந்தக் கணக்குக்கு மாதந்தோறும் உங்களுக்குத் தேவைப்படும் தொகையைச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். மாதம் 21,000 தேவை, சதவீதம் 15 என்றால், 21,000 ÷ 0.15 = 1,40,000. விளம்பரச் செலவு அதற்குக் கீழே இறங்கினால் உங்களுக்கு நட்டம். அதைவிடப் பல மடங்கு உயர்ந்தால் வாடிக்கையாளர் செய்யாத வேலைக்குப் பணம் கட்டுகிறார். அந்தப் புள்ளியை ஒட்டிய குறுகிய பரப்பில் மட்டுமே வெறும் சதவீதம் இருவருக்கும் ஒத்துவரும்.

மாதம் 21,000 தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு மணி நேர உழைப்பின் அடக்க விலை தெரிய வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் ஒருவருக்குத் தன் ஊதியம், மென்பொருள் சந்தா, கணக்காளர் கட்டணம், வரிக்கு ஒதுக்க வேண்டியது என எல்லாம் சேர்த்து மாதம் 1,20,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 மணி நேரம் வேலை செய்தாலும் அத்தனையும் கணக்கில் எழுதக்கூடிய நேரம் அல்ல. புதிய வாடிக்கையாளர்களைத் தேடுவது, முன்மொழிவு தயாரிப்பது, பாக்கியை நினைவூட்டுவது, தளங்களில் வரும் மாற்றங்களைக் கற்பது ஆகியவற்றுக்குக் கணிசமான நேரம் போய்விடும். மிஞ்சுவது 100 மணி நேரம் என்றால் அடக்க விலை மணிக்கு 1,200. அதன் மேல் 25% லாபம் வைத்தால் 1,500. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் 160 ஆல் வகுத்துவிடுகிறார்கள். மணிக்கு 750 போதும் என்று அப்போது தோன்றும், ஆண்டின் முடிவில் கையில் எதுவும் நிற்காது.

அடுத்து, அந்தக் கணக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். நம் மெத்தை நிறுவனத்துக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்கைப் பார்வையிட வேண்டியிருக்கிறது: மக்கள் என்ன சொற்களைத் தட்டி வந்தார்கள் என்று பார்த்து வேண்டாதவற்றை விலக்குவது, ஏல இலக்கைத் திருத்துவது, ஆர்டர் பதிவாகிறதா என்று சோதிப்பது. அது மாதம் ஒன்பது மணி நேரம். புதிய படங்களுக்கும் வாசகங்களுக்கும் மூன்று மணி, அறிக்கைக்கும் உரையாடலுக்கும் இரண்டு மணி. மொத்தம் 14 மணி நேரம்; 14 × 1,500 = 21,000. தொடக்க மாதத்தில் பழைய கணக்கை ஆராய்வதற்கும், கண்காணிப்புக் குறியீட்டைச் சரிசெய்வதற்கும், விளம்பரங்களைப் புதிதாகக் கட்டுவதற்கும் 30 மணி நேரமாவது ஆகும். அதை மாதக் கட்டணத்துக்குள் புதைக்காமல் அமைப்புக் கட்டணம் என்று தனியே 45,000 வாங்குவதே முறை. புதைத்துவிட்டால், மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் விலகும்போது அந்த உழைப்பு இலவசமாகிவிடும்.

ஒரு முழு ஆண்டுக்குப் பார்த்தால் எந்த முறை லாபம்?

மெத்தை நிறுவனத்துக்கு எட்டு மாதங்கள் சாதாரணமானவை என்று கொள்வோம், செலவு 1,50,000. இரண்டு மாதங்கள் மந்தம், செலவு 60,000. இரண்டு மாதங்கள் விற்பனை உச்சம், செலவு 5,00,000. உச்ச மாதத்தில் வேலை 22 மணி நேரமாகக் கூடும். மந்தமான மாதத்திலோ வேலை குறைவதில்லை, அதே 14 மணி நேரம்தான். ஏனெனில் பட்ஜெட்டை எங்கே வெட்டினால் விற்பனை கெடாது என்று பார்ப்பதே அப்போது முக்கிய வேலை. ஆண்டுக்கு மொத்தம் 184 மணி நேரம்.

வெறும் 15% என்றால் சாதாரண மாதத்தில் 22,500, மந்த மாதத்தில் 9,000, உச்ச மாதத்தில் 75,000. ஆண்டு மொத்தம் 3,48,000. மணிக்கு ஏறத்தாழ 1,890 கிடைப்பதால் இதுவே சிறந்தது என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த மொத்தத்தில் 1,50,000, அதாவது 43%, இரண்டே மாதங்களிலிருந்து வருகிறது. அந்த இரண்டு மாதங்களிலும் வாடிக்கையாளர் பட்ஜெட்டை உயர்த்தாமல் விட்டால் ஆண்டு வருமானம் 2,43,000 ஆகச் சரியும். மந்த மாதத்தில் மணிக்கு 643 தான் கிடைக்கிறது. அடக்க விலையில் பாதிக்குச் சற்று மேல். அந்த மாதத்தில் எந்தக் கணக்கைக் கவனிக்காமல் விடுவீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கவனம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் கவனிக்காமல் இருக்கத் தூண்டுவது இந்த முறையின் உண்மையான குறை.

நிலையான மாதக் கட்டணம் 25,000 என்றால் ஆண்டுக்கு 3,00,000. மணிக்கு ஏறத்தாழ 1,630. மாதந்தோறும் ஒரே தொகை என்பதால் இரு தரப்பும் நிம்மதியாகத் திட்டமிடலாம். உச்ச மாதத்தில் மட்டும் 22 மணி நேரத்துக்கு 25,000 தான் கிடைக்கும். அது அடக்க விலைக்கும் சற்றுக் கீழே.

நான் பரிந்துரைப்பது இரண்டையும் சேர்த்த முறை. குறைந்தபட்சக் கட்டணம் 22,000. அதில் 1,50,000 வரையிலான செலவு அடங்கும். அதற்கு மேல் 4,00,000 வரை உள்ள பகுதிக்கு 8%, அதையும் தாண்டிய பகுதிக்கு 5%. உச்ச மாதத்தில் 22,000 + 20,000 + 5,000 = 47,000. ஆண்டு மொத்தம் 3,14,000. மணிக்கு ஏறத்தாழ 1,700. வெறும் சதவீதத்தைவிட 34,000 குறைவுதான். ஆனால் எந்த மாதத்திலும் கட்டணம் அடக்க விலைக்குக் கீழே போவதில்லை. உச்ச மாதத்தில் 75,000 க்குப் பில் அனுப்பி, இதை நாமே பார்த்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்தை வாடிக்கையாளருக்கு ஊட்டுவதும் இல்லை. படிகளின் சதவீதம் அந்தந்தப் பகுதிக்கு மட்டுமே, முழுத் தொகைக்கும் அல்ல என்பதை ஒப்பந்தத்தில் ஓர் எடுத்துக்காட்டோடு எழுதிவிடுங்கள். இதில்தான் அடிக்கடி சச்சரவு வருகிறது.

சதவீதம் என்றால் எதன் சதவீதம்? திட்டமிட்ட பட்ஜெட்டா, உண்மையில் செலவானதா?

உண்மையில் செலவானது, தளம் அந்த மாதத்துக்கு வசூலித்த விளம்பரத் தொகை, வரி நீங்கலாக. கூகுள் ஒரு நாளில் நீங்கள் குறித்த சராசரி தினசரி பட்ஜெட்டைப் போல் இரு மடங்கு வரை செலவிடக்கூடும். மாதம் முழுதுக்கும் அதன் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆதலால் ஒரு நாளை வைத்தோ, குறித்த பட்ஜெட்டை வைத்தோ பில் போட்டால் கணக்கு ஒத்துவராது. செல்லாத கிளிக்குகளுக்காகத் தளம் திருப்பித் தரும் தொகையும், ஊக்கச் சலுகையாகக் கொடுத்த தொகையும் எப்படிக் கணக்கிடப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சலுகைத் தொகையை நிர்வகிப்பதும் உழைப்புதான் என்பதால் அதைச் செலவில் சேர்ப்பதில் தவறில்லை; திருப்பித் தந்ததைக் கழித்துவிடுவதே நேர்மை.

விளம்பரக் கணக்கு வாடிக்கையாளரின் பெயரில் இருக்க வேண்டும். தளத்துக்கான பணம் அவருடைய அட்டையிலிருந்து நேரே போக வேண்டும். நீங்கள் மேலாளர் கணக்கின் வழியாக அணுகல் மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள். அப்போது செலவு எவ்வளவு என்பதை இருவரும் ஒரே திரையில் பார்க்கலாம். பணத்தை உங்கள் வழியாகச் சுழற்றினால், அவர் தாமதிக்கும் ஒரு மாதம் உங்கள் கட்டணத்தைப் போல ஏழெட்டு மடங்கு கடனை உங்கள் தலையில் ஏற்றும்.

எங்கள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்பவர் பட்ஜெட்டை உயர்த்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்குச் செலவில் 15% போகிறது. நம்பலாமா?

அவருடைய எண்ணத்தை ஆராய வேண்டியதில்லை. கூடுதலாகப் போட்ட பணம் என்ன கொண்டுவந்தது என்பதை மட்டும் தனியே பாருங்கள். மெத்தை நிறுவனம் 1,50,000 செலவிட்டபோது மொத்தம் 80 மெத்தைகள் விற்றன. 2,00,000 ஆக உயர்த்தியதும் 88 விற்றன. அறிக்கையில், விற்பனைக்கு 1,875 ஆக இருந்த சராசரி விளம்பரச் செலவு 2,273 ஆனது என்று வரும். ஒரு மெத்தையின் லாபம் 4,800 என்பதால் எல்லாம் நலமாகவே தெரியும். ஆனால் கூடுதல் 50,000 கொண்டுவந்தவை எட்டே மெத்தைகள். ஒவ்வொன்றுக்கும் 6,250 செலவு, லாபமோ 4,800. எட்டு மெத்தைகளின் லாபம் 38,400. விளம்பரத்தில் மட்டும் 11,600 நட்டம். அதற்கு மேல் அவருக்கு 7,500 கூடுதல் கட்டணம். சராசரியைக் காட்டும் அறிக்கையில் இது கண்ணுக்குப் படவே படாது.

பட்ஜெட்டை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கூட்டல் பகுதியின் கணக்கை எழுத்தில் கேளுங்கள். விற்பனைப் பருவம் மாறாத நான்கு வாரங்களை முன்னும் பின்னுமாக ஒப்பிட வேண்டும். இல்லையேல் பருவத்தால் வந்த ஏற்றம் பட்ஜெட்டால் வந்ததாகத் தோன்றும். நேர்மையான மேலாளர் இதைக் கேட்பதற்கு முன்பே அனுப்புவார். உயர்த்தியது வீண் என்று தெரிந்தால் தன் கட்டணம் குறைந்தாலும் இறக்கச் சொல்வார். அப்படி ஒருமுறையேனும் இறக்கச் சொல்லியிருக்கிறாரா என்பதே நான் முதலில் பார்ப்பது.

நிலையான மாதக் கட்டணம் வாங்குகிறேன். வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

தொகை நிலையானது என்றால் வேலையும் நிலையானதாக இருக்க வேண்டும். எத்தனை தளங்கள், மாதம் எத்தனை புதிய விளம்பரப் படங்கள், எத்தனை கூட்டங்கள், என்ன அறிக்கை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். "விளம்பர மேலாண்மை" என்று ஒரே வரியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் தரையிறங்கு பக்கத்தைத் திருத்துவதும், மின்னஞ்சல் எழுதுவதும், கடைசி நேரச் சலுகைக்கு இரவில் விளம்பரம் போடுவதும் எல்லாமே அடங்கிவிடும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நேரப் பதிவை எடுத்துப் பாருங்கள். 14 மணி நேரம் என்று நினைத்தது தொடர்ந்து 18 ஆக இருந்தால், அந்தப் பதிவையே முன்வைத்துக் கட்டணத்தை உயர்த்தவோ வேலையைக் குறைக்கவோ பேசுங்கள். மனவருத்தத்தோடு பேசுவதைவிட ஒரு தாளைக் காட்டிப் பேசுவது எளிது.

"விற்பனை வந்தால் பணம் தருகிறேன், வராவிட்டால் கிடையாது" என்கிறார் வாடிக்கையாளர். ஒப்புக்கொள்ளலாமா?

முழுக்க முழுக்க அப்படி வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்து ஆள் வருவது வரைதான் உங்கள் கையில் இருக்கிறது. விலை, இருப்பு, பக்கம் திறக்கும் வேகம், தொலைபேசியை எடுப்பது, பொருளின் தரம் ஆகியவை அவர் கையில். இருப்புத் தீர்ந்து பத்து நாட்கள் மெத்தையே இல்லை என்றால், உங்கள் உழைப்புக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

என் அறிவுரை, அடிப்படைக் கட்டணம் உங்கள் அடக்க விலையை மட்டும் மீட்கட்டும். லாபம் விளைவிலிருந்து வரட்டும். 14 மணி நேரத்துக்கு அடக்கம் 16,800 என்பதால் அடிப்படையை 17,000 என வைக்கலாம். அதற்கு மேல், ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டி விற்கும் ஒவ்வொரு மெத்தைக்கும் 600. அது அந்த மெத்தையின் லாபமான 4,800 இல் எட்டில் ஒரு பங்கு. வாடிக்கையாளருக்கு எளிதில் தாங்கும். மொத்தத்துக்கு 45,000 என்று ஓர் உச்சவரம்பும் வைத்தால் அவரும் அஞ்சாமல் கையெழுத்திடுவார்.

புதிதாகத் தொடங்கிய, ஆர்டர் வரலாறே இல்லாத நிறுவனத்தோடு இந்த முறையில் சேர வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாத இடத்தில் விளைவு என்பதற்குப் பொருளே இல்லை.

ஒப்புக்கொண்ட அளவு என்பதை யார் எண்ணுவது? தளத்தின் அறிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த ஒரு விடையில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனெனில் விளைவுக் கட்டண ஒப்பந்தங்கள் முறிவது பெரும்பாலும் இங்கேதான்.

மெத்தை நிறுவனத்தின் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். கூகுள் அறிக்கை 41 ஆர்டர் என்கிறது. மெட்டா அறிக்கை 33 என்கிறது. கூட்டினால் 74. ஒருவர் காலையில் மெட்டாவில் படத்தைக் கிளிக் செய்து, மாலையில் கூகுளில் தேடி விளம்பரத்தைக் கிளிக் செய்து வாங்கினால் இரு தளங்களும் அந்த ஆர்டரைத் தமதென்று சொல்லும். அது பொய்யல்ல, ஒவ்வொன்றும் தன் கண்ணில் பட்டதைத்தான் எண்ணுகிறது. மெட்டாவின் இயல்பான அமைப்பில் விளம்பரத்தைக் கிளிக் செய்து ஏழு நாட்களுக்குள்ளும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள்ளும் வாங்கியவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். கூகுளின் இயல்பான கிளிக் கால அளவு 30 நாட்கள். இரண்டின் எண்களும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல.

கூகுளின் 41 ஐத் திறந்து பார்த்தால், அதில் 24 பேர் நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடி வந்தவர்கள். ஏற்கெனவே அந்த நிறுவனத்தை அறிந்தவர்கள் என்பதால், விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்களில் பெரும்பாலோர் கீழேயுள்ள இலவச இணைப்பின் வழியாக வந்திருப்பார்கள். விளைவுக் கட்டணம் வாங்கும் ஒருவர், எண்ணிக்கையை உயர்த்த மிக எளிய வழியாகப் பெயர்த் தேடலில் பட்ஜெட்டைக் கொட்டக்கூடும். ஆர்டர்கள் மலிவாக வந்துகொண்டே இருப்பதாக அறிக்கை சொல்லும். கடையின் மொத்த விற்பனை அசையாமல் நிற்கும். இப்படி நடக்கிறதா என்று அறிய, பெயர்த் தேடல் பிரச்சாரத்தைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் காட்டச் சொன்னால் போதும்.

ஆகவே எண்ண வேண்டியது கடையின் சொந்த ஆர்டர் பதிவேட்டை. அந்த மாதம் பதிவேட்டில் எல்லா வழிகளிலும் வந்தவை 85, அவற்றில் ஐந்து திரும்பி வந்தன, நிகரம் 80. மேலாளர் பொறுப்பேற்பதற்கு முன், இதே 1,50,000 செலவில், திரும்பியவை நீங்கலாக மாதம் சராசரியாக 52 விற்றிருந்தன. கூடுதல் 28. மெத்தைக்கு 600 வீதம் 16,800. அடிப்படைக் கட்டணத்தோடு சேர்த்து 33,800. அடிப்படை அளவும் உச்சவரம்பும் இல்லாமல் தளங்களின் எண்ணிக்கையான 74 ஐ அப்படியே வைத்திருந்தால் விளைவுத் தொகை மட்டுமே 44,400 ஆகியிருக்கும். முதல் மாதம் வாடிக்கையாளர் அதைக் கொடுத்துவிடுவார். தன் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த இரண்டாம் மாதம் கொடுக்கமாட்டார்.

52 என்ற அடிப்படை அளவு பருவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. முடிந்தால் கடந்த ஆண்டின் அதே மாதத்தை அந்தந்த மாதத்தின் அளவாக வையுங்கள். வாடிக்கையாளர் விலையைக் குறைத்தாலோ, பட்ஜெட்டை 20% க்கு மேல் மாற்றினாலோ, புதிதாக வேறு விற்பனை வழியைத் திறந்தாலோ அந்த அளவு மறுபடி பேசித் தீர்மானிக்கப்படும் என்று ஒரு விதி இருக்கட்டும்.

மாதம் முடிந்தவுடன் விளைவுக் கட்டணத்துக்குப் பில் அனுப்பினால் ஏன் எண்கள் பிறகு மாறுகின்றன?

கூகுள் அறிக்கையில் ஓர் ஆர்டர், அது நடந்த நாளில் எழுதப்படுவதில்லை. அதற்குக் காரணமான கிளிக் நடந்த நாளில் எழுதப்படுகிறது. 28 ஆம் தேதி கிளிக் செய்தவர் அடுத்த மாதம் 12 ஆம் தேதி வாங்கினால், முடிந்துபோன மாதத்தின் எண்ணிக்கை ஒன்று கூடும். நடந்த நாளின்படி பார்க்க விரும்பினால் Conversions (by conv. time) என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம். மெத்தை போல யோசித்து வாங்கும் பொருளுக்கு இந்தத் தாமதம் கணிசமானது. மறுபுறம், திரும்பி வரும் பொருட்கள் எண்ணிக்கையைக் குறைக்கும்.

பதிவேட்டை வைத்தே எண்ணினால் முதல் சிக்கல் தீர்ந்துவிடும்; திரும்பல் சிக்கல் நிற்கும். ஆதலால் அடிப்படைக் கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் முன்கூட்டியே வாங்குங்கள்; விளைவுத் தொகையை, திருப்பி அனுப்ப அனுமதித்த காலம் முடிந்த பின் வாங்குங்கள். திருப்ப 30 நாட்கள் அனுமதி என்றால் ஒரு மாதத்தின் விளைவுத் தொகை அதற்கு அடுத்த மாதக் கடைசியில்தான் உறுதியாகும். ஒப்பந்தம் முடிந்தாலும் கடைசி மாதத்தின் தொகை இப்படியே தீர்க்கப்படும் என்று எழுதாமல் விட்டால், விலகும் நேரத்தில் அதைக் கேட்டு வாங்குவது கடினம்.

நாங்கள் பொருள் விற்பதில்லை, விசாரணைகள்தான் வருகின்றன. ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாமா?

எது விசாரணை என்பதை வரையறுத்தால் கொடுக்கலாம். படிவம் நிரப்பிய ஒவ்வொன்றுக்கும் பணம் என்றால் படிவம் சுருங்கும், கேள்விகள் குறையும், ஆர்வமில்லாதவர்கள் நிறைவார்கள். மாத அறிக்கையில் விசாரணை இரு மடங்காகும், விற்பனைப் பிரிவோ அழைத்து அழைத்துச் சோர்ந்துபோகும். அழைத்தால் எடுக்கும் எண், சேவை கிடைக்கும் பகுதி, கேட்ட சேவை உங்களிடம் உள்ளது என்ற மூன்றும் நிறைவேறியதையே எண்ணுங்கள். இரு வேலை நாட்களுக்குள் உங்கள் பிரிவு அழைத்து முடிவைக் குறிக்க வேண்டும், குறிக்காதவை தகுதியானவையாகவே கொள்ளப்படும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்தக் கடைசி விதி மேலாளரின் பாதுகாப்புக்கு. அழைக்காமலே தகுதியற்றது என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

பழைய வாடிக்கையாளரை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றுவது எப்படி?

கடந்த பன்னிரண்டு மாதங்களின் உண்மையான செலவை எடுத்து, புதிய முறை அப்போது இருந்திருந்தால் ஒவ்வொரு மாதமும் என்ன வந்திருக்கும் என்று பழைய பில்லுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மந்த மாதத்தில் அவர் கூடுதலாகக் கட்டுவதையும் உச்ச மாதத்தில் குறைவாகக் கட்டுவதையும் ஒரே அட்டவணையில் பார்த்தால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். உச்ச மாதம் நெருங்கும்போது இதைத் தொடங்காதீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உள்நோக்கம் இருப்பதாகத் தோன்றும். 60 நாட்கள் முன்னறிவிப்பு கொடுத்து, சாதாரண மாதம் ஒன்றில் மாற்றுங்கள். அந்த மாதத்தில் பழைய பில் 22,500, புதிய பில் 22,000 என்று வரும். மாற்றம் நடந்ததே அவருக்கு உறுத்தாது.